பொங்கல் மேடையில வரவேற்புரை: தமிழ்ல மூணு நிமிஷம், இங்கிலீஷ்ல ஒரு நிமிஷம்

சிங்கப்பூர்ல எங்க பேட்டையில வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழம காலைல ஒரு கொண்டாட்டம் நடக்கும். சமூக மன்றத்துக்கு முன்னாடி இருக்கற திறந்தவெளியில கூடாரம் போட்டு, கோலம் போட்டு, சிறப்பு விருந்தினர வச்சு பானையக் கிண்டி பொங்க விடுவோம். நான் ஏற்பாட்டுக் குழுவுல சேர்ந்த முதல் வருஷமே “நீங்க ஊருல இருந்து வந்தவரு, தமிழ் நல்லா பேசுவீங்க, வரவேற்புரைய நீங்களே குடுத்துடுங்க, சீனர்களும் மலாய்க்காரங்களும் வருவாங்க, கொஞ்சம் இங்கிலீஷும் சேத்துக்குங்க”ன்னு சொல்லிட்டாங்க. நானும் ஒவ்வொரு தமிழ் வாக்கியத்துக்கும் கீழ ஒரு இங்கிலீஷ் வாக்கியம்னு எழுதிட்டுப் போயிட்டேன். ஒம்போது நிமிஷம் ஓடுச்சு. நான் இங்கிலீஷ்ல மூணாவது நன்றி சொல்லிட்டு இருக்கும்போது பின்னாடி பால் பொங்கி வழிஞ்சிடுச்சு, ஆளுங்க “பொங்கலோ பொங்கல்”னு கத்திட்டாங்க, சிறப்பு விருந்தினர் கரண்டியத் தொடவே இல்ல, நான் மைக்கோட நின்னுட்டு இருந்தேன். அடுத்த வருஷமும் என்னையே பேசச் சொன்னாங்க (ஏன்னு இன்னும் புரியல). அப்ப நாலு நிமிஷத்துல முடிச்சேன். ரெண்டு வருஷத்துக்கும் நடுவுல கத்துக்கிட்டதத்தான் கீழ எழுதியிருக்கேன்.

1. எழுத உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய காகிதங்க

முதல்ல நிகழ்ச்சி நிரல், நிமிஷக் கணக்கோட. “10.30 வரவேற்புரை”ன்னு மட்டும் போட்டிருந்தா அது பத்தாது, உங்களுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு தெரியணும். எங்க விஷயத்துல பின்னாடி வர்றது பானை. பானைய அடுப்புல ஏத்துனதுல இருந்து பொங்கற வரைக்கும் எங்களுக்கு ஏறக்குறைய இருவது நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள என் பேச்சு, விருந்தினர் பேச்சு ரெண்டும் முடியணும். அடுப்புப் பக்கம் நிக்கற அக்காகிட்ட முன்னாடியே பேசி வச்சிடுங்க. அவங்க எப்ப தீ மூட்டறாங்கங்கறதுதான் உங்க பேச்சோட நீளத்த முடிவு பண்ணும்.

ரெண்டாவது, சிறப்பு விருந்தினரோட பேரும் பதவியும், அவங்க அலுவலகத்துல இருந்து எழுத்துல வந்தது. வாட்ஸ்அப்ல யாராவது அனுப்பினதையோ போன வருஷ பேனர்ல இருந்ததையோ நம்பாதீங்க. 2025 மே மாசப் பொதுத்தேர்தலுக்கு அப்புறம் சில குழுத்தொகுதிகளோட, அதாவது பல நாடாளுமன்ற உறுப்பினர்கள ஒரு குழுவாத் தேர்ந்தெடுக்கற தொகுதிகளோட, பேரே மாறிடுச்சு, பழைய உரைய எடுத்து தேதிய மட்டும் மாத்துனா அங்கதான் மாட்டுவீங்க.

மூணாவது, மத்த முக்கியமான விருந்தாளிங்க பட்டியல், அவங்க பேர எப்படிச் சொல்லணும்ங்கற குறிப்போட. நாலாவது, சாப்பாடு எங்க இருந்து வருது, என்ன வருதுங்கற கேட்டரிங் ஆர்டரோட நகல். வரவேற்புரைக்கு இது எதுக்குன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆறாவது பகுதியில சொல்றேன்.

இது எல்லாத்தையும் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க. எனக்கு ரெண்டு வருஷமுமே கடைசியா வந்தது விருந்தாளிப் பட்டியல்தான், வெள்ளிக்கிழம ராத்திரி. அதனால பட்டியல் வராட்டியும் உரைய எழுதற மாதிரி, பேர்களுக்கு மட்டும் மேல தனியா இடம் விட்டு வச்சுக்குங்க.

2. நேரத்தப் பிரிங்க, அப்புறம் வார்த்தைய எண்ணுங்க

மொத்தம் நாலு நிமிஷம். தமிழுக்கு மூணு, இங்கிலீஷுக்கு ஒண்ணு. இங்கிலீஷுக்கு அதுக்கு மேல தேவையே இல்ல, ஏன்னு நாலாவது பகுதியில வருது.

நெட்ல “நாலு நிமிஷப் பேச்சுன்னா ஐநூறு வார்த்தை”ன்னு ஒரு கணக்கு கிடைக்கும், அது இங்கிலீஷுக்கான கணக்கு. தமிழ்ல ஒரே வார்த்தைக்குள்ள எல்லாத்தையும் அடைச்சிடுவோம். “வந்திருக்கிறவர்களுக்கெல்லாம்”னு நாம ஒரு வார்த்தையில சொல்றத இங்கிலீஷ்ல சொல்ல ஆறு வார்த்தை வேணும். நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி எண்ணிப் பாத்தேன், மேடையில நிதானமாப் பேசற வேகத்துல எனக்குத் தமிழ்ல நிமிஷத்துக்கு 85 வார்த்தை, இங்கிலீஷ்ல 120. அப்ப எனக்குத் தமிழ்ப் பகுதி 255 வார்த்தை, இங்கிலீஷ் 120, அவ்வளவுதான். உங்க வேகம் வேற மாதிரி இருக்கும், ஒரு நாளிதழ் செய்திய எடுத்து சத்தமா ஒரு நிமிஷம் படிச்சு எண்ணிக்குங்க. முதல் வருஷம் நான் தமிழ்லயே ஐநூறு வார்த்தை எழுதி வச்சிருந்தேன், அப்பறம் ஒம்போது நிமிஷம் ஏன் ஓடாது.

3. விளிப்பு: யாரு முதல்ல, பேர எப்படி, பதவிய எப்படி

சிறப்பு விருந்தினர்தான் முதல்ல. முன் வரிசையில எம்பது வயசு தாத்தா உக்காந்திருந்தாலும், உங்க குழுத் தலைவரே உக்காந்திருந்தாலும் அப்படித்தான். அதுக்கப்பறம் மத்த முக்கிய விருந்தாளிங்க, பேட்டையில தொண்டூழியம் செய்யற அடித்தளத் தலைவர்கள், பொதுவா எல்லாரும். பேர் சொல்லிக் கூப்பிடறது மூணு பேருக்கு மேல போக வேண்டாம். நம்ம ஊரு மேடையில பன்னெண்டு பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடைமொழின்னு போய் பழகிட்டோம், இங்க அதுக்கே ரெண்டு நிமிஷம் போயிடும், தமிழ் தெரியாதவங்க அந்த ரெண்டு நிமிஷமும் தன் பேரு வருதான்னு காத தீட்டிட்டு உக்காந்திருப்பாங்க. நாலாவது ஆளச் சொல்லி அஞ்சாவது ஆள விட்டா வருத்தம், மூணோட நிறுத்திட்டு “அடித்தளத் தலைவர்களே”ன்னா யாருக்கும் வருத்தம் இல்ல.

பேருல இருக்கற பொறி இது. சீனப் பேருல குடும்பப் பேரு முன்னாடி வரும். டான் வெய் மிங்னு இருந்தா அவரு மிஸ்டர் டான், மிஸ்டர் மிங் கிடையாது. மலாய்ப் பேருல பின், பிந்தி அப்படிங்கறதுக்கு அப்புறம் வர்றது அப்பா பேரு, அதனால ரஹ்மான் பின் யூசோஃப்னா அவரு மிஸ்டர் ரஹ்மான். கடைசிப் பேர எடுத்து மிஸ்டர் போடற பழக்கத்துல மிஸ்டர் யூசோஃப்னு சொன்னா நீங்க வரவேத்தது அவரோட அப்பாவ. ஆள நேருல பாக்க முடிஞ்சா அவங்க வாயாலயே ஒரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டு, தாள்ல தமிழ் எழுத்துல எழுதிக்குங்க. இங்கிலீஷ் எழுத்தப் பாத்துப் படிச்சா சீனப் பேரு நம்ம வாயில என்னமோ ஆயிடும்.

பதவிங்க விஷயத்துல ஊருல இருந்து வந்த நாமதான் ரொம்ப தப்பு பண்றோம். இந்தியாவுல இணை அமைச்சர்னு சொல்ற பதவிக்கு இங்க துணை அமைச்சர்னு பேரு. அதுக்கு மேல மூத்த துணை அமைச்சர் இருக்காங்க, நாடாளுமன்றச் செயலாளர், மூத்த நாடாளுமன்றச் செயலாளர்லாம் தனித்தனிப் பதவிங்க. அமைச்சகம்னு சொல்ல மாட்டாங்க, அமைச்சு. தன்னார்வலர் கிடையாது, தொண்டூழியர். சட்டமன்ற உறுப்பினர்னு வாய் தவறிச் சொன்னவரையும் நான் பாத்திருக்கேன், இங்க இருக்கறது நாடாளுமன்றம் மட்டும்தான். சந்தேகம்னா அரசாங்கத்தோட SG Translate Together தளத்துல இங்கிலீஷ் சொல்லப் போட்டுத் தேடுங்க, இங்க புழங்கற தமிழ்ச் சொல் வரும், காசு கிடையாது. யாரு இப்ப என்ன பதவியில இருக்காங்கன்னு நாடாளுமன்றத்தோட தளத்துல பாத்துக்கலாம். இத முந்தின நாள் சாயங்காலம் இன்னொரு தடவ பாருங்க, அமைச்சரவை மாத்தம் உங்க உரைக்காகக் காத்திருக்காது.

முனைவரா மருத்துவரான்னு தெரியாட்டி டாக்டர்னே சொல்லிடுங்க, இங்க அதுதான் வழக்கம்.

4. இங்கிலீஷ் பகுதிய முதல்ல எழுதுங்க

ஆமா, தமிழுக்கு முன்னாடி. தமிழ எழுதி முடிச்சுட்டு இங்கிலீஷ எழுதுனா அது மொழிபெயர்ப்பா ஆயிடும், சுருக்கமா வராது. தமிழ் கேக்கறவங்களுக்கும் தமிழ் தெரியாதவங்களுக்கும் தேவைப்படற விஷயமே வேற வேற. பொங்கல்னா என்னன்னு நம்ம பாட்டிக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் காலத்துல எங்க ஊருல எப்படிக் கொண்டாடுனோம்ங்கற கதை பக்கத்து புளோக் மிஸ்டர் டானுக்கு வேண்டியதில்ல, அவருக்கு அடுத்து என்ன நடக்கப் போகுது, எங்க நிக்கணும், என்ன சாப்பிடலாம்னு தெரிஞ்சா போதும்.

நான் ரெண்டாவது வருஷம் எழுதுன இங்கிலீஷ் பகுதியில இருந்தது மொத்தம் ஆறு விஷயம். யாரு நடத்தறோம்னு ஒரு வாக்கியம். சிறப்பு விருந்தினருக்கு நேரடியா ஒரு நன்றி. பொங்கல்ங்கற சொல்லுக்கே பொங்கி வழியறதுன்னுதான் அர்த்தம், அறுவடைக்காக சூரியனுக்கு நன்றி சொல்ற நாள்னு ஒரு வாக்கியம். இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தப் பானையில பால் பொங்கும், அப்ப எல்லாரும் கிட்ட வாங்க, ஆனா கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்கன்னு ஒரு வாக்கியம். சாப்பாட்டப் பத்தி ரெண்டு வாக்கியம். கடைசியா பால் பொங்கும்போது நாங்க என்ன கத்துவோம்னு சொல்லிக் குடுத்து, “பொங்கலோ பொங்கல்”னு ஒரு தடவ அவங்களயே சொல்ல வச்சேன்.

அந்தக் கடைசி விஷயத்த மட்டும் விடாதீங்க. அத இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கவும் வேண்டாம். முதல் வருஷம் பால் பொங்குன நேரத்துல தமிழ் ஆளுங்க மட்டும் கத்துனாங்க, மத்தவங்க ஏதோ தீப்பிடிச்ச மாதிரி திரும்பிப் பாத்தாங்க. ரெண்டாவது வருஷம் எல்லாரையும் விட சத்தமாக் கத்துனது ஒரு சீனப் பாட்டி.

போகி, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாத்தையும் அந்த ஒரு நிமிஷத்துல திணிக்காதீங்க. கண்ணு முன்னாடி இருக்கறத மட்டும் விளக்குங்க. கோலம் இருந்தா கோலம், கரும்பு இருந்தா கரும்பு. மாடு வரலன்னா மாடு வேண்டாம்.

நன்றி விஷயத்துல இன்னொண்ணு. யாருக்கு நன்றி சொல்றீங்களோ அவங்களுக்குப் புரியற மொழியில சொல்லணும். நான் முதல் வருஷம் கூடாரத்துக்குப் பணம் குடுத்த கடைக்காரருக்குத் தமிழ்ல உருகி உருகி நன்றி சொன்னேன், அவரு சீனரு, கைதட்டல் வந்தப்ப அவரும் சேந்து தட்டிட்டு இருந்தாரு, யாருக்குத் தட்டறோம்னு தெரியாம.

5. தமிழ்ப் பகுதி, எங்க எந்த மொழி

வரிசைய நான் இப்படி வச்சேன், இதுல ஒரு சின்ன தந்திரம் இருக்கு. விளிப்பு முடிஞ்ச உடனே, தமிழுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம்: “ஐ வில் ஸ்பீக் இன் தமிழ் ஃபர்ஸ்ட், அண்ட் தென் அ ஒன் மினிட் சம்மரி இன் இங்கிலீஷ்.” அவ்வளவுதான். எவ்வளவு நேரம் புரியாம உக்காரணும்னு தெரிஞ்சா யாரும் சங்கடப்பட மாட்டாங்க, போன எடுக்க மாட்டாங்க. அப்புறம் தமிழ முழுசா முடிச்சுட்டு, இங்கிலீஷ முழுசா பேசிட்டு, கடைசி வரிய மறுபடியும் தமிழ்ல சொல்லி இறங்குங்க. வாக்கியத்துக்கு வாக்கியம் மாறி மாறிப் பேசுனா ரெண்டு பக்கமும் பாதி நேரம் சும்மா இருக்கும், உங்களுக்கும் எந்த மொழியில இருக்கோம்னு நாக்கு தடுமாறும்.

தொடக்கத்துல நாலு அதிகாரத்துவ மொழியிலயும் ஒரு வணக்கம் சொல்றது இங்க நல்லா எடுபடும். காலைன்னா வணக்கம், குட் மார்னிங், செலாமாட் பாகி, ஸாவ் ஷாங் ஹாவ். ஆனா நெறியாளர் அதையே ஏற்கனவே சொல்லிட்டாரான்னு பாருங்க, எனக்கு நடந்துச்சு, நாலு மொழி வணக்கம் ரெண்டு தடவ கேட்டா எட்டு மொழி மாதிரி இருக்கும். அப்புறம் நிகழ்ச்சி தாமதமாகி மதியம் ஆயிட்டா பாகி சரி வராது, தெங்கா ஹாரின்னு மாத்தணும். பென்சில்ல ஓரமா எழுதி வச்சுக்குங்க.

தமிழ்ப் பகுதியோட தொடக்கம் எனக்கு இப்படி இருந்துச்சு, பேர் இடத்துல கோடு விட்டிருக்கேன்:

“மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் திரு ______ அவர்களே, அடித்தளத் தலைவர்களே, பெரியவர்களே, கரும்பு எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நேற்று இரவு பதினொரு மணி வரை இங்கே கோலம் போட்ட தொண்டூழியர்கள் இன்று காலை ஆறு மணிக்கே அடுப்பு வைக்க வந்துவிட்டார்கள். அவர்கள் சார்பாகத்தான் உங்களை வரவேற்கிறேன்.”

மேடையில நான் முழுசா பேச்சுத் தமிழ்லயும் பேசல, மேடைத் தமிழா முழங்கவும் இல்ல, கேக்கறதுல பாதி பேரு இங்க பொறந்து வளந்த பிள்ளைங்க, “இன்பத் திருநாளாம் பொங்கல் பெருநாளில்”னு ஆரம்பிச்சா அவங்களும் இங்கிலீஷ் சுருக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நகைச்சுவை தமிழ்ல ஒண்ணு போதும். தமிழ் ஆளுங்க சிரிக்கும்போது மத்தவங்க நம்மளப் பத்தித்தான் பேசறாங்களோன்னு நினைப்பாங்க, அதனால அந்தக் கரும்பு வரிய இங்கிலீஷ்லயும் ஒரு வார்த்தையில தொட்டுட்டேன்.

நன்றியுரைக்கு தனியா ஆள் இருந்தா நன்றிப் பட்டியல அவருக்கே விட்டுடுங்க. என் ஒம்போது நிமிஷத்துல நாலு நிமிஷம் அவரு பேச வேண்டியது.

6. சாப்பாட்டு வாக்கியம், ரொம்ப கவனமா

முதல் வருஷம் எல்லாமே சைவம்தானேங்கற நினைப்புல இங்கிலீஷ்ல “எல்லாம் ஹலால், தைரியமா சாப்பிடுங்க”ன்னு மைக்ல சொல்லிட்டேன். இறங்கி வந்ததும் ஒரு மலாய்ப் பெரியம்மா ரொம்ப மரியாதையா “கேட்டரிங்காரங்ககிட்ட சான்றிதழ் இருக்கா”ன்னு கேட்டாங்க. இல்ல. அவங்க ஆரஞ்சுப் பழம் மட்டும் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு முகத்த எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

சைவம் வேற, ஹலால் சான்றிதழ் வேற. சான்றிதழ் குடுக்கறது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், எல்லாரும் முயிஸ்னு சொல்வாங்க. கேட்டரிங்காரங்ககிட்ட அதோட நகலக் கேளுங்க, கடைப் பேரும் காலாவதித் தேதியும் சரியான்னு பாருங்க. இருந்தா மட்டும் ஹலால்னு சொல்லுங்க. இல்லாட்டி “சைவ உணவு, ஹலால் சான்றிதழ் இல்ல”ன்னு இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க, முடிவ அவங்க எடுத்துக்குவாங்க. பன்றி இறைச்சி இல்ல, பன்றிக் கொழுப்பு இல்லங்கறதும் ஹலாலுக்கு சமம் கிடையாது. ரெண்டாவது வருஷம் சான்றிதழ் இருக்கற இடத்துல இருந்து பிரியாணி தனியா ஒரு மேசையில வச்சோம், சர்க்கரைப் பொங்கல் இன்னொரு மேசையில. இங்கிலீஷ் பகுதியில எந்த மேசை எதுன்னு கையக் காட்டிச் சொன்னேன், அந்த ரெண்டு வாக்கியம் இதுக்குத்தான்.

7. ஒத்திகை

தமிழ்ப் பகுதிய வீட்டுல யாருகிட்டயாவது பேசிக் காட்டலாம். இங்கிலீஷ் பகுதிய தமிழ் தெரியாத ஒருத்தர்கிட்டதான் பேசிக் காட்டணும். நான் எங்க மாடியில எதிர்வீட்டுக்காரர லிஃப்ட் கிட்ட நிறுத்திப் படிச்சேன். முடிச்சுட்டு மூணு கேள்வி கேட்டேன்: யாரு நடத்தறாங்க, அடுத்து என்ன நடக்கும், நீங்க என்ன சாப்பிடுவீங்க. முதல் தடவ ரெண்டாவது கேள்விக்கு அவரால பதில் சொல்ல முடியல, “பாட் செரிமனி”ன்னு நான் எழுதியிருந்தது ஏதோ செடித் தொட்டின்னு நினைச்சிருக்காரு. “பால் பொங்கும் பானை”ன்னு விளக்கமா மாத்துனேன்.

நின்னுக்கிட்டே, சத்தமா, கடிகாரம் வச்சு ரெண்டு தடவ பேசுங்க. உக்காந்து மனசுக்குள்ள படிச்சா நாலு நிமிஷ உரை ரெண்டரை நிமிஷம்னு காட்டும்.

8. அச்சடிக்கறது, செலவு, அன்னிக்கு காலைல

தமிழ் உரைய வேர்ட் ஃபைலா பென் டிரைவ்ல கொண்டுபோய் அச்சுக் கடையில குடுக்காதீங்க, அங்க எழுத்துரு இல்லாட்டி கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கும், இல்லாட்டி வெறும் கட்டமா வரும். வீட்டுலயே PDF ஆக்கி எடுத்துட்டுப் போங்க. நான் `Nirmala UI` எழுத்துருவுல 18 அளவு வச்சேன், வெயில்ல கண்ணு கூசும்போது அதுக்குக் கீழ படிக்க முடியாது. தாளோட ஒரு பக்கம் மட்டும், ஒரு வாக்கியம் பாதியில அடுத்த தாளுக்குப் போகாத மாதிரி, மேல பெருசா பக்க எண். ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம், காத்துக்கு ஒரு கிளிப் போர்டு வாங்கிக்குங்க. இங்கிலீஷ் பகுதி தனித் தாள்ல இருக்கட்டும். மழை வந்தாலோ விருந்தினர் லேட்டானாலோ தமிழ்ல நடுப் பத்திய விட்டுட்டு நேரா அங்க தாவலாம்.

எனக்கு ஆன செலவு கிளிப் போர்டு, மூணு செட் அச்சு, மைக்குக்கு கூடுதல் பேட்டரி எல்லாம் சேத்து பதினாலு வெள்ளி. மூணு செட் எதுக்குன்னா ஒண்ணு எனக்கு, ஒண்ணு நெறியாளருக்கு, ஒண்ணு அடுப்புப் பக்கம் நிக்கற அக்காவுக்கு.

சிறப்பு விருந்தினர் அன்னிக்கு காலைல மாறலாம், அவரு வர முடியாம இன்னொருத்தர் வருவாரு. அதனால அவரு பேரு உரையில ரெண்டே இடத்துல வர்ற மாதிரி எழுதுங்க, தமிழ் விளிப்புல ஒண்ணு, இங்கிலீஷ் நன்றியில ஒண்ணு, ரெண்டையும் மஞ்சள் கோடு போட்டு வைங்க. பேனா ஒண்ணு சட்டைப் பையில இருக்கட்டும்.

அந்த அக்காவோட தாள்ல “ஐ வில் ஸ்பீக் இன் தமிழ் ஃபர்ஸ்ட்”ங்கற வரிக்குப் பக்கத்துல நான் ஒரு சின்ன அடுப்பு படம் வரைஞ்சு குடுத்தேன். அந்த வரி காதுல விழுந்தப்பறம்தான் தீய மூட்டணும்னு பேச்சு. போன தடவ விருந்தினர் பேசி முடிச்சு, கரண்டிய வாங்கி மூணு தடவ கிண்டுனதுக்கு அப்புறம்தான் நுரை மேல வந்துச்சு.